கூம்பிய தண்டின் முறுக்கம்: 0.92 வர வேண்டிய இடத்தில் 1.05 வந்தது

டயல் கேஜ் முள் 1.05 மில்லிமீற்றரில் நின்றது. என் கணக்குத் தாளில் 0.92 என்று இருந்தது. எடையை இறக்கி, திரும்ப ஏற்றிப் பார்த்தேன். மறுபடியும் 1.05.

பஞ்சிகாவத்தையில் ஒரு லேத் பட்டறையில் பகலில் வேலை, மாலையில் டிப்ளோமா வகுப்பு. வகுப்புத் திட்டத்துக்காக பட்டறையிலேயே ஒரு உருக்குத் தண்டு கடைந்தோம். நீளம் 600 மில்லிமீற்றர். ஒரு முனையில் விட்டம் 40, மறுமுனையில் 60, இடையில் ஒரே சரிவாகக் கூடும். தடித்த முனையை இறுகப் பிடித்து, மெல்லிய முனையை ஒரு தாங்கியில் உட்காரவைத்து, ஒரு மீற்றர் நெம்புகோலில் 51 கிலோ தொங்கவிட்டோம். கிட்டத்தட்ட 500 நியூற்றன் மீற்றர் முறுக்கு விசை. தாங்கி இல்லாவிட்டால் தண்டு வளையவும் செய்யும், அளவு கெட்டுவிடும்.

முதலில் பிடிதான் வழுக்குகிறதென்று நினைத்தேன். ஆனால் எடையை இறக்கினால் முள் பூச்சியத்துக்கே திரும்பியது, வழுக்கியிருந்தால் திரும்பாது. அதோடு இரண்டு முனையிலும் 150 மில்லிமீற்றர் கை பொருத்தி, இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தைத்தான் எடுத்தேன். பிடியில் ஏற்படும் சிறு திருப்பமும் அதில் கழிந்துவிடும். அப்போ பிழை தாளில்.

நான் செய்திருந்தது சராசரி விட்டம் 50 என்று வைத்து நேரான தண்டின் சூத்திரத்தில் போட்டது. 0.35 பாகை வந்தது, 150 மில்லிமீற்றர் கையில் அது 0.92 மில்லிமீற்றர். பட்டறை பாஸ் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மெல்லிசுப் பக்கம்தானே கூட முறுகும்? நடுவை வச்சு எப்படிக் கணக்குப் பார்ப்பீங்க?" என்றார். விஷயம் அதுதான். ஓரிடத்தில் முறுக்கம் அங்குள்ள விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு எதிர்மாறாகப் போகும். 40 இல் கூடும் முறுக்கம், 60 இல் குறையும் முறுக்கத்தைவிடப் பெரியது. சராசரி விட்டம் எடுத்தால் விடை எப்போதும் குறைவாகத்தான் வரும்.

அன்றிரவு வெள்ளவத்தை அறையில் தொகையிட உட்கார்ந்தேன். மெல்லிய முனையிலிருந்து x தூரத்தில் விட்டம் d = 40 + x/30. x ஐ விட்டுவிட்டு d யில் தொகையிடுவதுதான் வசதி. முதல் தடவை விடை 0.013 பாகை! dx = 30 dd என்பதில் 30 ஐ விட்டிருந்தேன். அந்த 30 க்கு அலகு கிடையாது, அதனால் அலகு சரிபார்த்தாலும் அகப்படாது. காப்பாற்றியது வேறொன்று: தண்டு முழுக்க 40 ஆக இருந்தால் 0.85 பாகை, முழுக்க 60 என்றால் 0.17 பாகை. உண்மை விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். இதை முதலில் போட்டு வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவது நல்லது.

சரியாகத் தொகையிட்டால் வருவது இது:

```
φ = 32·T·L·(d1² + d1·d2 + d2²) / (3·π·G·d1³·d2³)
```

φ மொத்த முறுக்கம், T முறுக்கு விசை, L நீளம், d1, d2 இரு முனை விட்டங்கள், G உருக்கின் விறைப்பு மட்டு. G க்கு 80 கிகாபாஸ்கல் எடுத்தேன். விட்டங்கள் 40, 60 என்று போட்டால் 0.0070 ஆரையன், அதாவது 0.40 பாகை. 150 மில்லிமீற்றர் கையில் அது 1.05 மில்லிமீற்றர். முள் பொய் சொல்லவில்லை. இந்த வடிவத்தில் இன்னொரு வசதி: d1, d2 இரண்டையும் சமமாகப் போட்டால் நேரான தண்டின் சூத்திரம் அப்படியே வந்துவிடும். வகுத்தலில் d2 − d1 இருக்கும் வடிவத்தில் போட்டால் 0/0 என்று நிற்கும்.

ஒரு நண்பன், விட்டத்துக்குப் பதிலாக இரு முனைகளின் J ஐ, அதாவது விட்டத்தின் நாலாம் அடுக்கோடு கூடும் குறுக்குவெட்டு அளவை, சராசரியாக்கலாமே என்றான். போட்டுப் பார்த்தோம்: 0.28 பாகை. என் பிழையைவிட மோசம்! தடித்த முனையின் J அந்தச் சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. தொகையிட மனமில்லாதவர்களுக்கு சிம்சன் முறை போதும். இரு முனைகளின் முறுக்க வீதமும், நடுவின் வீதத்தை நாலு மடங்காக்கியதும் சேர்த்து ஆறால் வகுத்து, நீளத்தால் பெருக்கினால் 0.404 வருகிறது.

மறுநாள் பாஸிடம் கணக்கைக் காட்டினேன். மொத்த முறுக்கத்தில் 69 வீதம் மெல்லிய பாதியில். தலையாட்டிவிட்டு, "சரி, மெல்லிசு முனையில சாவிக் காடி வெட்டணுமே, அதுக்கு?" என்றார். அந்தத் துண்டின் குறுக்குவெட்டு முழு வட்டமில்லை, இந்தச் சூத்திரம் அங்கே செல்லாது. காடி வெட்டியபின் அந்த நீளத்தை மட்டும் தனியாக அளந்து, மீதிக் கூம்புக்கான விடையோடு கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.