90 டாலர் கணுவில் மூன்றரை சென்ட்

மூன்று ராத்திரி தின்ற அமெரிக்கன் புட் மரம் ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. புட் என்பது பங்கை ஸ்ட்ரைக் என்ற நிர்ணய விலைக்கு விற்கும் உரிமை; அமெரிக்கன் என்றால் அதை எப்போது வேண்டுமானாலும் எக்சர்சைஸ் செய்யலாம், யூரோப்பியன் என்றால் கடைசியில் மட்டும். சின்ன மரம்தான்: பங்கு 100 டாலர், ஸ்ட்ரைக் 100, மூன்று காலகட்டம், ஒவ்வொன்றிலும் 10% ஏறும் அல்லது 10% இறங்கும், வட்டி காலகட்டத்துக்கு 2%. அதனால் விலையிடலில் ஏறுவதற்கான நிகழ்தகவு p சரியாக 0.6. டிவிடெண்ட் கிடையாது.

மாட்டிக்கொண்டது எக்செலில். யூரோப்பியன் மரத்தை முழுசாகப் போட்டுவிட்டு, பக்கத்து ஷீட்டில் ஸ்ட்ரைக்கிலிருந்து பங்கு விலையைக் கழித்து, அதாவது K-S எழுதி, கணுவுக்குக் கணு எது பெரிசு என்று பார்த்தேன். முதல் காலகட்டத்தின் 90 கணுவில் வைத்திருந்தால் 9.20, எக்சர்சைஸ் செய்தால் 10. அடேங்கப்பா, 80 சென்ட் லாபம் என்று குதித்தேன். ஆனால் புட்டின் இன்றைய விலை 4.59-லேயே நின்றது, யூரோப்பியன் விலையும் அதேதான். பெரிசாக வந்த எண்ணைப் பின்னால் கொண்டு போகவே இல்லையே, எப்படி மாறும்? max-ஐ அந்தந்தக் கணுவிலேயே எடுத்து, அதை வைத்துத்தான் முந்தைய கணுவைக் கணக்கிட வேண்டும்:

```python
for i in range(n-1, -1, -1):
    for j in range(i+1):
        hold = (p*V[j+1] + (1-p)*V[j]) / R
        V[j] = max(hold, K - S*u**j*d**(i-j))
```

இப்போது விலை 4.91. ஆனால் 90 கணுவின் லாபம் வெறும் மூன்றரை சென்ட்: வைத்திருந்தால் 9.965, எக்சர்சைஸ் செய்தால் 10. இதை நம்பாமல் கையால் பிரித்துப் பார்த்ததில்தான் விஷயமே பிடிபட்டது.

முதலில் அதற்குக் கீழே உள்ள 81 கணு. அங்கிருந்து விலை 89.1-க்குப் போனாலும் 72.9-க்குப் போனாலும் புட் லாபத்தில்தான் முடியும், அதாவது காத்திருப்பதில் எந்தப் பாதுகாப்பும் மிச்சமில்லை. கைக்கு வர வேண்டிய 100 டாலரை ஒரு காலகட்டம் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான். 100 - 100/1.02 = 1.96. எக்சர்சைஸ் லாபமும் (19 - 17.04) அச்சாக அதே 1.96!

90-இலும் அதே 1.96 வட்டி கிடைக்கும். ஆனால் அங்கிருந்து விலை 99-க்கு ஏறினால் உடனடி மதிப்பு 1 தான், புட்டின் விலையோ 4.27. அந்த 3.27 வித்தியாசத்தை இப்போதே எக்சர்சைஸ் செய்கிறவர் இழக்கிறார், 0.6-ஆல் பெருக்கி 1.02-ஆல் வகுத்தால் 1.93. மிச்சம் மூன்று சென்ட் சொச்சம். வட்டியை 1% ஆக்கினேன் (p அப்போது 0.55): 81-இல் இன்னும் எக்சர்சைஸ், 90-இல் வைத்திருப்பதே மேல், 11.11.

நிஜ விலையோடு ஒப்பிட நம்ம NSE பங்கு ஆப்ஷன்கள் உதவாது, 2011-லிருந்து அவை யூரோப்பியன் பாணி. அமெரிக்கப் பங்குகளைத்தான் எடுக்கணும், அதிலும் டிவிடெண்ட் தராததாக. அடுத்து 50 காலகட்டம், u-வை வோலட்டிலிட்டியிலிருந்து எடுத்து. அதற்கு முன் அந்தப் பழைய எக்செல் ஷீட்டை அழிக்கணும், நேற்றும் தப்பித்தவறி அதைத்தான் திறந்தேன்.