உரையாடு செயலியோடு ஒரு குறள் வெண்பா: தளை தட்டிய மூன்று இடங்கள்

மழையைப் பாடும் குறள் வெண்பா ஒன்றைச் சாட்பாட்டிடம் கேட்டேன். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், அடியெதுகை, வெண்டளை என்ற விதிகளையும் எழுதிக் கொடுத்திருந்தேன். வந்த விடை இது:

வானம் பொழிந்திடும் மாலை நேரத்தில்
கானம் பாடிடும் குயில்

சீர்க்கணக்கும் எதுகையும் சரியாக இருந்ததால், வாய்விட்டுப் படித்தபோது முதலில் ஏமாந்துவிட்டேன். அலகிட்டுப் பார்த்த பிறகுதான் தளை மூன்று இடங்களில் தட்டுவது தெரிந்தது. மாச்சீரை அடுத்து நிரையசை வர வேண்டும். ஆனால் 'மாலை' என்ற தேமாவை அடுத்து 'நேரத்தில்' என நேர் வந்துவிட்டது. 'கானம் பாடிடும்' என்பதிலும் அதே பிழைதான். விளச்சீரை அடுத்து நேர் வர வேண்டிய விதி, 'பாடிடும்' என்ற கூவிளத்தின் பின் 'குயில்' என நிரை வந்ததால் மீறப்பட்டது.

முதல் பிழையைச் சுட்டிக்காட்டியதும், அது மன்னிப்புக் கேட்டு 'மாலைக் காலத்தில்' என்று மாற்றிவிட்டு, இப்போது வெண்டளை முழுமையாக அமைந்துள்ளது என்று உறுதி கூறியது. 'காலத்தில்' என்பதும் நேரசையில் தொடங்குவதால் பிழை இருந்த இடத்திலேயே இருந்தது. காரணம் அறிய, அதையே அலகிடச் சொன்னேன். 'குயில்' என்பதைக் கு/யில் என்று பிரித்து, நேர் நேர் என எழுதி, காசு வாய்பாடு என்றது. இரு குறிலும் ஓர் ஒற்றும் இணைந்து ஒரே நிரையசையாகும் என்ற அடிப்படை அங்கே விடுபட்டிருந்தது. விதியைக் கேட்டால் பிழையின்றிச் சொல்கிறது. சொல்லில் பொருத்தும்போதுதான் தவறுகிறது. இத்தகைய செயலிகள் சொல்லை நம்மைப் போல் எழுத்தெழுத்தாகப் பார்க்காமல், எழுத்தெல்லையோடு ஒத்துப்போகாத துண்டுகளாகவே பெறுகின்றன என்பதை இதற்கு முக்கியக் காரணமாகக் கருதுகிறேன்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டேன். அலகிடுவது என் பொறுப்பு. சொல் தேடித் தருவது மட்டும் அதன் பொறுப்பு. பாடுதல் என்ற பொருளில் பத்துச் சொற்கள் கேட்டபோது 'பாடும்', 'கூவும்' போன்று நேரில் தொடங்குபவையே மிகுதியாக வந்தன. ஆனால் அவற்றினூடே 'இசைக்கும்' என்ற புளிமா கிடைத்தது. அது 'கானம்' என்ற தேமாவுக்குப் பின்னும் 'குயில்' என்ற மலர்ச்சீருக்கு முன்னும் பிசகின்றிப் பொருந்தியது. முதலடிக்கும் இவ்வாறே நிரையில் தொடங்கும் தொடர்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக அலகிட்டுக் கழித்தேன். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் நின்ற வடிவம்:

வானம் கறுத்து மழைபொழியும் நேரத்தில்
கானம் இசைக்கும் குயில்

'மழைபொழியும்' என்ற காய்ச்சீருக்குப் பின் வருவதால், முன்பு பிழையாக இருந்த அதே 'நேரத்தில்' இப்போது முறையாக அமைகிறது. வகரமும் மகரமும் மோனைக்கு இனம் ஆகையால், முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் பொழிப்பு மோனையும் கிடைத்தது. அந்த மோனையை நானும் கேட்கவில்லை, செயலியும் குறிப்பிடவில்லை. இறுதியாக ஒருமுறை அலகிட்டபோதுதான் கண்ணில் பட்டது.