மிச்சமாகும் குடையின் விலை: ஒரு மழைக்காலச் சரக்குக் குறிப்பு

அக்டோபர் 6, திங்கள்

வானம் இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது. எத்தனை வாங்குவது என்று நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட இதுதான் நேரம். மழை கொட்டத் தொடங்கிய பிறகு போடும் கணக்கு பெரும்பாலும் ஆசைக் கணக்காகிவிடும்.

எத்தனை விற்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், விற்காமல் மிஞ்சினால் அது எவ்வளவுக்குப் போகும் என்று யோசிக்க வேண்டும். குடை ஒன்றின் அசல் 100, விற்பது 150, மழை முடிந்தபின் தள்ளிவிட்டால் 60 என்று வைத்துக்கொள்வோம். விற்றால் 50 லாபம், மிஞ்சினால் 40 நஷ்டம். ஒரு மழைச் சுற்றில் 20, 30, 40, 50 ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று விற்கும், நான்குக்கும் சம வாய்ப்பு என்று கொள்வோம். முதல் 20 எப்படியும் போய்விடும். அடுத்த 10 குடைகளில் ஒவ்வொன்றும் விற்க நாலில் மூன்று பங்கு வாய்ப்பு இருப்பதால், லாபத்தில் 37.5, நஷ்டத்தில் 10, நிகரம் 27.5. தாராளமாக வாங்கலாம். அதற்கடுத்த 10க்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி, நிகரம் வெறும் 5. கடைசிப் 10க்கு நாலில் ஒரு பங்குதான். லாபம் 12.5, நஷ்டம் 30, நிகரம் மைனஸ் 17.5. ஆக 40 வரை போகலாம். ஆனால் 30க்கும் 40க்கும் நடுவில் கிடைப்பது சொற்பம் என்பதையும் பார்க்க வேண்டும். மொத்தக் கடை மறுநாளே சரக்கு தரும் என்றால் 30 வாங்கிவிட்டு மீதிப் பணத்தைக் கையில் வைத்திருப்பதுதான் புத்தி.

மிச்ச மதிப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். சாதாரணக் கறுப்புக் குடை அடுத்த வருடமும் விற்கும். அதன் மிச்ச மதிப்பு 85 என்றால் நஷ்டம் 15தான், 50 வாங்கினாலும் கையைக் கடிக்காது. படம் போட்ட குழந்தை மழைக்கோட்டு அடுத்த வருடம் பழசாகிவிடும். அதன் மிச்ச மதிப்பு 30 என்றால் நஷ்டம் 70. அதில் 30ஐத் தாண்டவே கூடாது. விற்பனை வாய்ப்பும் லாபமும் மூன்றுக்கும் ஒன்றேதான். மிச்சத்தின் மதிப்பு மாறியதால் வாங்கும் அளவு 30, 40, 50 என்று மாறிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

சரக்கு வந்து இறங்கும் நாள். பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவர்கள், மொத்தக் கடையின் பழுதைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். வந்த அன்றே திருப்பினால் மாற்றித் தருவார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் பேச்சே வேறு.

டஜனுக்கு மூன்று குடையாவது விரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து முறை விரித்து மடக்கினால், கம்பில் ஏறி இறங்கும் ரன்னர் மேலே போய் ‘டக்’கென்று பிடிக்கிறதா, நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துணியில் ஊசித்துளை தெரிகிறதா என்று பார்ப்பது. அதற்கும் பிறகு கம்பி நுனிகள். எட்டுக் கம்பி என்றால் எட்டு நுனித் தொப்பிகளையும் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். துணியை நுனியோடு சேர்த்துத் தைத்த நூல்தான் காற்றில் முதலில் விடும். போன வருடத்துச் சரக்கைத் துடைத்துக் கொடுத்திருந்தால், உச்சியில் கம்பிகள் சேரும் இடத்தில் துருப்பொட்டு காட்டிக் கொடுக்கும். உள்பக்கம் வெள்ளிப் பூச்சு உள்ள குடையென்றால் மடிப்புக் கோட்டில் பூச்சு வெடித்திருக்கும்.

கோட்டில் தையலைப் பார்க்க வேண்டும். சூடு வைத்து ஒட்டிய இணைப்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பிரியக் கூடாது. ஊசித் தையல் போட்ட கோட்டில் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் ஊசி போன துளை ஒவ்வொன்றின் வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும், துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் மழை. குடைக்காரனுக்கு விற்பனை நாள் கணக்கில் வருவதில்லை, மணிக் கணக்கில் வருகிறது. மழை பிடித்த முதல் அரைமணி நேரம், வழியில் மாட்டிக்கொண்டவர்கள் வாங்குவது. அவர்கள் நிறம் பார்ப்பதில்லை. வாசலில் விரித்து வைத்த ஒரு குடை போதும்.

இன்று எழுத வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு, பலரும் விட்டுவிடுவது. மூன்று மடிப்புக் குடை 12 இருந்தது, பன்னிரண்டும் பகல் 11 மணிக்கே தீர்ந்தது என்றால், ‘இன்று 12 விற்றது’ என்று மட்டும் எழுதினால் அது பொய்க் கணக்கு. கேட்டவர்கள் 20 பேராக இருந்திருக்கலாம். தீர்ந்த நேரத்தையும் குறித்து, ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பியவர்களுக்கு ஆளுக்கொரு கோடும் போட்டு வைத்தால்தான் அடுத்த சுற்றுக்கான 20, 30, 40, 50 என்ற வரிசையை நம்ப முடியும். ஆனால் ஒரு எச்சரிக்கை. இல்லை என்று கேட்டுத் திரும்பியவர் பக்கத்திலேயே இன்னொரு கடையில் வாங்கியிருப்பார், நாளை அவர் வரமாட்டார். அந்தக் கோடுகளை அப்படியே நாளைய கொள்முதலில் கூட்டிவிடக் கூடாது.

அக்டோபர் 16, வியாழன்

மூன்றாம் நாளாக விடாத மழை. குடை விற்பனை பாதியாகிவிட்டது. மழை கூடக் கூடக் குடை கூடுதலாக விற்கும் என்று நினைத்து இரண்டாம் நாள் இரவில் பெரிய ஆர்டர் போடுவதுதான் மிச்சச் சரக்கு பிறக்கும் இடம். தேவைப்பட்டவர்கள் முதல் இரண்டு நாளில் வாங்கி முடித்துவிடுகிறார்கள். அதன்பின் காற்றில் கம்பி திரும்பியவர்கள் மட்டும்தான் வருகிறார்கள்.

இப்போது ஓடுவது கவர். பைக்கு, வண்டி இருக்கைக்கு, கட்டுச் சாமானுக்கு. கவரை எடைக்கு வாங்கி எண்ணிக்கைக்கு விற்பதால் மைக்ரான் தெரியாமல் வாங்கினால் கணக்கு தப்பும். 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளமுள்ள பாலித்தீன் கவரில் இரண்டு பக்கமும் சேர்த்து 1.08 சதுர மீட்டர் தாள். 50 மைக்ரான் தடிமனில் ஒரு கவர் ஏறக்குறைய 50 கிராம், அதாவது கிலோவுக்கு 20. 30 மைக்ரானில் 30 கிராம், கிலோவுக்கு 33. கிலோ விலை ஒன்றாக இருக்கும்போது மெல்லியதில் எண்ணிக்கை கூடுகிறது என்று மயங்கிவிடலாம். மெல்லிய கவரை வண்டி இருக்கையில் கட்டினால் மூலையில் முதல் நாளே கிழிந்து, வாங்கியவர் கையில் கொண்டுவந்து காட்டுவார். சோதிக்க ஒரு கிலோவை எண்ணிப் பார்த்தாலே போதும். 50 மைக்ரான் என்று சொல்லிக் கொடுத்ததில் 25க்கு மேல் வந்தால் தடிமன் 40ஐத் தொடுவதே சந்தேகம்.

நிறமும் அளவுப் பெயரும் இல்லாத வெறும் கவர் மிஞ்சினாலும் பயமில்லை. தூசி மூட ஆண்டு முழுக்கப் போகும். பணம் எங்காவது முடங்கத்தான் வேண்டும் என்றால் இதில் முடங்கட்டும்.

அக்டோபர் 27, திங்கள்

கோட்டு அலமாரியில் இப்போது நிற்பவை எல்லாமே எம் அளவு. எதிர்பார்த்ததுதான். கோட்டை உடைக்கு மேல் போடுவதால் எல்லோரும் ஒரு அளவு பெரியதாகவே கேட்கிறார்கள். மொத்தக் கடையோ எம் 1, எல் 2, எக்ஸ்எல் 2, டபுள் எக்ஸ்எல் 1 என்று ஆறு கொண்ட செட்டாகத் தள்ளுகிறது.

இதற்கும் கணக்கு உண்டு. செட்டாக வாங்கினால் ஒன்று 100, வேண்டிய அளவைப் பொறுக்கி வாங்கினால் 105 என்று வையுங்கள். 10 செட், 60 கோட்டு. பொறுக்கினால் கூடுதல் செலவு 300. செட்டில் 10 எம்மில் 9 மிஞ்சி, ஒவ்வொன்றிலும் 40 போனால் 360. விலை ஏற்றிச் சொல்கிறானே என்று பொறுக்காமல் விடுபவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 60 ரூபாயை இழக்கிறார், அலமாரி இடமும் போகிறது. எம் அளவு நாலு விற்றுவிடும் இடமாக இருந்தால் கணக்கு திரும்பும், அங்கே செட்டே மலிவு. அதனால் எந்த அளவு எத்தனை போனது என்று தனித்தனியாகக் குறிக்காமல் இந்த முடிவை எடுக்கவே முடியாது.

நவம்பர் 12, புதன்

வாங்குவதை நிறுத்தும் நாளைத் தேட வேண்டிய கட்டம். கையிருப்பை மழைநாள் விற்பனையால் வகுத்தால் எத்தனை மழைநாளுக்குத் தாங்கும் என்று வரும். குடை 24, மழைநாளில் சராசரி 6 என்றால் நான்கு மழைநாள். இன்னும் ஐந்து மழைநாள் வரலாம் என்று தோன்றினாலும் வாங்காமல் விடுவதே மேல். ஐந்தாம் நாளில் நழுவுவது ஆறு குடையின் லாபம். ஒரு டஜன் வாங்கி மழை நின்றுவிட்டால் தலையில் விழுவது பன்னிரண்டு குடையின் நஷ்டம்.

விலையை இறக்குவதும் மழை இருக்கும்போதே. குழந்தைக் கோட்டை இன்று 120க்குக் கொடுத்தால்கூட லாபம் 20. வெயில் அடித்தபின் அதே கோட்டை 30க்குக் கேட்கவும் ஆள் இருக்காது. கறுப்புக் குடையின் விலையைத் தொட வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே தள்ளுபடிப் பலகை வைத்தால், தானாகப் போகிற சரக்குதான் முதலில் தள்ளுபடியில் போகும். போக வேண்டியது அப்படியே நிற்கும்.

டிசம்பர் 10, புதன்

மிஞ்சியதைக் கட்டி வைக்கும் வேலை. கறுப்புக் குடைக்கு 85 என்று முதல் நாள் எழுதியது, அடுத்த வருடம் அது புதுசாகவே வெளியே வந்தால் மட்டும்தான் செல்லும்.

குடைகளை விரித்து நிழலில் ஒரு முழு நாள் காய வைத்த பிறகுதான் மடக்க வேண்டும். மழை நாளில் கடை வாசலில் தொங்கியவை வெளியே உலர்ந்ததுபோல் இருந்தாலும் உச்சியில் ஈரம் நிற்கும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். கம்பி மூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் குச்சி நுனியில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். கூடினால் துணியில் கறை. பட்டையை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக விட்டால் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டாது.

பிவிசி கோட்டை அழுத்தி அடுக்கவே கூடாது. அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் சூட்டிலும் அழுத்தத்திலும் மேலே கசிந்து பிசுபிசுக்கும், அது போகப் போகக் கோட்டு விறைத்து மடிப்பில் வெடிக்கும். மடிப்புக்குள் லேசாக டால்கம் பொடி தூவி, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளைத் தாள் வைப்பது நல்லது. அச்சடித்த தாள் வேண்டாம், எழுத்து கோட்டில் இறங்கிவிடும். சிவப்பையும் வெள்ளையையும் ஒட்டி வைத்தாலும் சாயம் ஏறும். குடையின் பிளாஸ்டிக் கைப்பிடி மேல் கோட்டு படும்படி ஒரே பெட்டியில் போட்டால் கைப்பிடியும் பசையாகிவிடும்.

தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள பரண் வேண்டாம். பெட்டி ஒவ்வொன்றின் மேலும் எண்ணிக்கை, அளவு, அசல், வாங்கிய மாதம். முதல் மழைக்கு ஒரு மாதம் முன்னால் திறந்து, பெட்டிக்கு இரண்டை விரித்துப் பார்க்க வேண்டும்.