100 கிராம் பாக்கெட்டில் ஏழு பங்கு

ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட் ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. மூன்றாவது தடவை. விளிம்பு இளம் பொன்னிறம், உடைத்தால் மணல் மாதிரி பொலபொலவென்று உதிர்கிறது, ஆனால் கையில் எடுக்கும்போது உடையவில்லை. முதல் இரண்டு தடவையும் கெட்டதற்குக் காரணம் மாவும் இல்லை, ஓவனும் இல்லை. ‘ஸ்டிக்’ என்ற ஒரே சொல்தான்.

அமெரிக்கச் சமையல் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். வெண்ணெய் இரண்டு ஸ்டிக், சர்க்கரை அரை கப், மைதா இரண்டு கப், கொஞ்சம் வனிலா. மைதாவையும் சர்க்கரையையும் எடை போட்டுத்தான் எடுத்தேன். மைதா 250 கிராம், சர்க்கரை 100 கிராம். வெண்ணெயில்தான் கோட்டை விட்டேன். நம் கடையில் கிடைக்கும் சின்ன பாக்கெட்டும் ஒரு கட்டி, அவர்களுடைய ஸ்டிக்கும் ஒரு கட்டி என்று நினைத்து இரண்டு பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டேன். மாவு திரளவே இல்லை. கையால் பிடித்தால் பிடித்த இடம் மட்டும் நிற்கும், விட்டால் உதிரும். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “மக்களே, மாவு சேரல்லியே, கொஞ்சம் பால் விடு” என்றாள். இரண்டு ஸ்பூன் பால் விட்டேன், திரண்டது. வெந்து வந்தபோது கடிக்கவே முடியவில்லை. வெண்ணெய் குறைந்த இடத்தில் நீர் சேர்த்தால் மைதாவில் பசைத்தன்மை ஏறி பிஸ்கட் கெட்டியாகிவிடும். ஷார்ட்பிரெட் மாவு பால் கேட்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெண்ணெயின் அளவைத்தான்.

அமெரிக்காவில் வெண்ணெய் ஒரு பவுண்டு பெட்டியில் நான்கு கட்டிகளாக வருகிறது. அதில் ஒன்றுதான் ஸ்டிக். கால் பவுண்டு, அதாவது 113 கிராம், எட்டு டேபிள்ஸ்பூன், அரை கப். எல்லாம் ஒன்றேதான். எட்டு டேபிள்ஸ்பூனுக்கும் தனித்தனிக் கோடு போட்டு மேலே சுற்றிய காகிதத்திலேயே அச்சடித்திருப்பார்கள். அங்கே வீட்டில் யாரும் வெண்ணெயை ஸ்பூனில் அள்ளுவதில்லை. கோட்டைப் பார்த்து கத்தியால் காகிதத்தோடு சேர்த்து ஒரு வெட்டு, அவ்வளவுதான். அதனால்தான் அவர்களுடைய குறிப்புகளில் ‘ஒரு ஸ்டிக்கும் இரண்டு டேபிள்ஸ்பூனும்’ என்று இயல்பாக எழுதிவிடுகிறார்கள். நமக்கு அது 142 கிராம். என் இரண்டு ஸ்டிக் 227 கிராம். நான் போட்டது 200. கிட்டத்தட்ட இரண்டு ஸ்பூன் வெண்ணெய் குறைவு.

சரி, இது தெரிந்த பிறகும் இரண்டாவது தடவை ஏன் கெட்டது? அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மா மகள் ஜூனில் ஊருக்கு வந்தாள். நான் கேட்டுக்கொண்டபடி, ஒரு ஸ்டிக்கின் காகிதத்தைக் கழுவித் துடைத்து, புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். எட்டு பங்கும் நீல மையில் தெளிவாக இருந்தன. கோட்டுக்குக் கோடு ஒன்றரை சென்டிமீட்டர். அதை என் பாக்கெட்டின் மேல் விரித்து, கோடு கோடாக வெட்டினேன். பதினாறு ஸ்பூன் வேண்டும். பதினாறு துண்டு எடுத்தேன். இந்த முறை மாவு அழகாகத் திரண்டது. ஆனால் ஓவனுக்குள் போன பத்தாவது நிமிஷம் எல்லாம் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, அடிக் காகிதம் எண்ணெயில் ஊறிப்போனது.

மிச்சமிருந்த பாக்கெட்டை அளந்து பார்த்ததும் புரிந்தது. என்னிடம் இருக்கும் 100 கிராம் கட்டி 9 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 2.3 உயரம். அக்கா கொண்டுவந்த காகிதத்துக்குரிய ஸ்டிக் ஒல்லியானது: நீளம் 12 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 3.2. என் கட்டியின் வெட்டுமுகம் பெரியது என்பதால் அதே ஒன்றரை சென்டிமீட்டரில் அதிக வெண்ணெய் விழுகிறது. 9 சென்டிமீட்டரில் ஆறு துண்டுதான் வரும், அப்படியென்றால் துண்டுக்கு 16.7 கிராம். ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் 14.2 கிராம்தான். பதினாறு துண்டில் 267 கிராம் போட்டிருக்கிறேன். முதல் தடவை 27 கிராம் குறைவு, இரண்டாவது தடவை 40 கிராம் அதிகம்.

அந்தக் கோடுகள் அந்தக் கட்டியின் உருவத்துக்கு மட்டும் பொருந்தும். அமெரிக்காவுக்குள்ளேயே அந்தக் காகிதத்தை மாற்றி வைக்க முடியாது என்று பிறகுதான் அறிந்தேன். கிழக்குப் பக்க மாநிலங்களில் கிடைப்பது நீளமான ஒல்லி ஸ்டிக். மேற்குக் கரைப் பக்கம் பெரும்பாலும் குட்டையாக, தடிமனாக இருக்கும். நீளம் 8 சென்டிமீட்டர்தான். எடை ஒன்றே, ஸ்பூன் கணக்கும் ஒன்றே, ஆனால் அதில் கோட்டுக்குக் கோடு ஒரு சென்டிமீட்டர்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100-ஐ 14.2-ஆல் வகுத்தால் 7.04. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! நம் 100 கிராம் பாக்கெட் ஏறக்குறைய சரியாக ஏழு அமெரிக்க டேபிள்ஸ்பூன். எந்தக் கம்பெனி, என்ன உருவம் என்று பார்க்க வேண்டியதே இல்லை, ஏழு சம பங்கு போட்டால் போதும். ஒரு ஸ்டிக் என்றால் ஒரு பாக்கெட்டும் அடுத்ததில் ஒரு பங்கும். இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டு பாக்கெட்டும் இரண்டு பங்கும். ஏழாக வகுப்பதால் வரும் பிசகு இரண்டு ஸ்டிக்குக்கு இரண்டு கிராம்கூட இல்லை.

ஆனால் 9 சென்டிமீட்டரை ஸ்கேலில் ஏழாகப் பிரிப்பது எரிச்சலான வேலை. 1.2857 என்று எங்கே கோடு போடுவது? பள்ளியில் ஜியோமெட்ரியில் செய்தது நினைவுக்கு வந்தது. பேக்கிங் காகிதத்தில் 9 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு நேர்கோடு இழுத்தேன். ஸ்கேலின் பூஜ்யத்தை இடது கோட்டில் வைத்து, 10.5 என்ற அளவு வலது கோட்டைத் தொடும்வரை ஸ்கேலைச் சாய்த்தேன். சாய்ந்த நிலையிலேயே 1.5, 3, 4.5, 6, 7.5, 9 ஆகிய இடங்களில் புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிகள் வழியாக ஓரக் கோடுகளுக்கு இணையாக ஆறு கோடு. ஏழு சம பங்கு வந்துவிட்டது. கட்டி 8 சென்டிமீட்டரோ 9.5-ஓ, ஸ்கேலைக் கூடக் குறையச் சாய்த்தால் அதே புள்ளிகள்தான்.

கோடு போட்ட பக்கத்தை வெளியே வைத்து கட்டியைச் சுற்றினேன். முதல் சோதனையில் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தால் ஒன்று 17 கிராம், அடுத்தது 12. கோட்டில் தவறில்லை, வெண்ணெய்தான் இளகியிருந்தது. எங்கள் மார்த்தாண்டத்து வெயிலில் வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் ஆனாலே கத்தி சாய்ந்து இறங்குகிறது. மேலே கோட்டில் இருக்கும், அடியில் அரை சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அடுத்த பாக்கெட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன், நீளமான மெல்லிய கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, நெட்டுக்குத்தாக அழுத்தினேன். இழுக்கக் கூடாது, அழுத்தத்தான் வேண்டும். ஒரு துண்டு 15, மற்ற ஆறும் 14. மொத்தம் 99. மிச்சம் கத்தியிலும் காகிதத்திலும் ஒட்டியிருந்தது.

கோட்டை நம்பக் கூடாத பாக்கெட்டுகளும் உண்டு. கரண்ட் போய்ப் போய் வரும் கடையில், ஃபிரிட்ஜில் இளகித் திரும்ப இறுகிய வெண்ணெய் ஒரு பக்கம் சரிந்திருக்கும். முனைகள் கூர்மையாக இல்லாமல் உருண்டிருந்தால், காகிதத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால், பிரித்ததும் நீர் முத்து முத்தாக நின்றால், அதற்கு ஏழு பங்கு செல்லாது. தராசில்தான் வைக்க வேண்டும். அச்சடித்த அமெரிக்கக் காகிதத்திலும் இதே மாதிரி ஒரு குறை உண்டாம். சுற்றும்போது காகிதம் நகர்ந்துவிட்டால் ஒரு ஓரத்துத் துண்டு பெருத்தும் மறு ஓரத்துத் துண்டு சிறுத்தும் விழும். இரண்டு ஓரத்தையும் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவதாக அக்கா சொன்னாள்.

வெண்ணெய் வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெட்டிக்கடையில் கிடைப்பது உப்பு போட்டது. குறிப்பில் உப்பில்லாதது என்றிருந்தால், இந்த உப்பு வெண்ணெயையே போட்டுவிட்டு, குறிப்பில் தனியாகச் சொல்லும் உப்பை விட்டுவிடுகிறேன். பிஸ்கட்டுக்குச் சமாளிக்கலாம், பட்டர்கிரீமுக்கு நாக்கில் தெரிந்துவிடும். உப்பில்லாத 500 கிராம் கட்டிக்காகக் களியக்காவிளை தாண்டி பாறசாலையில் ஒரு பேக்கரி சாமான் கடைக்குப் போகிறேன். அந்தச் சேட்டன் தெர்மோகோல் பெட்டியில், ஐஸ் வைத்துக் கட்டித் தருவார். பஸ்ஸில் வந்தும் முனை மழுங்காமல் வருகிறது. அங்கே ‘குக்கிங் பட்டர்’ என்று எழுதியதை எடுக்கும்போது மட்டும் பின்பக்கத்தைப் படியுங்கள். அதில் கொழுப்பு வெறும் 76 சதவீதமாக இருக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அமெரிக்க வெண்ணெயில் குறைந்தது 80. எடையைச் சரியாகப் போட்டாலும் அந்த வித்தியாசம் நீராகத்தான் உள்ளே போகும், பால் விட்ட கதைதான் திரும்பவும்.

500 கிராம் கட்டிக்கு ஏழு கணக்கு வேண்டாம். நான்கு ஸ்டிக் என்பது 454 கிராம். ஆகவே கட்டியின் ஒரு ஓரத்திலிருந்து 46 கிராமைத் தராசில் பார்த்து வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நான்காக வெட்டினால் நான்கு ஸ்டிக். ஓரத்துத் துண்டு மூன்று ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே, அச்சுக்குத் தடவவும் தோசைக்கும் ஆகும்.

மூன்றாவது தடவை செய்தது இப்படி: இரண்டு பாக்கெட் முழுதாக, மூன்றாவதில் இரண்டு பங்கு, தராசில் 228 கிராம். மாவு ஒரு சொட்டுப் பால் கேட்கவில்லை. அரை அங்குலக் கனத்தில் தட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 165 டிகிரியில் வேகவைத்தேன். வெட்டிய வடிவம் அப்படியே நின்றது. அம்மா இரண்டு எடுத்துக்கொண்டு, மூன்றாவதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்தது கிறிஸ்துமஸுக்கு வெண்ணெய்க்குப் பதிலாக நெய் ஊற்றி இதே பிஸ்கட். நெய்யில் நீர் கிடையாது என்பதால் ஸ்டிக்குக்கு 113 கிராம் ஊற்றக் கூடாது. ஒரு ஸ்டிக் வெண்ணெயில் இருக்கும் கொழுப்பு ஏறக்குறைய 91 கிராம்தான், மீதி பெரும்பாலும் நீர். 91 கிராம் நெய்யும் 18 கிராம் நீருமாகத் தொடங்கிப் பார்க்கப் போகிறேன். நெய் உறைந்த பிறகு சேர்ப்பதா, உருக்கிச் சேர்ப்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு விதத்திலும் பாதிப் பாதியாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.