12 கட்டுரைகளும் ஓர் எல்லைக்கோடும்

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் எங்கள் வீடு. முதுகலை ஆய்வுக்காக, இனிப்புநீர் வருவதற்கு முந்தைய நிலை எத்தனை பேரிடம் காணப்படுகிறது என்று சொல்லும் 12 கட்டுரைகளை ஒரே அட்டவணையில் அடுக்கினேன். கட்டுரைக்கு ஒரு வரிசை. முறை, மாதிரி, முடிவு என மூன்று பத்திகள். ஒரு வாரத்தில் நிரப்பிவிட்டேன், ஆனால் எதுவும் புரியவில்லை. சில கட்டுரைகளில் விகிதம் மிக அதிகம், சிலவற்றில் குறைவு. முறை என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் 'இரத்தப் பரிசோதனை' என்றே எழுதியிருந்தேன்.

அந்த நாட்களில்தான் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அம்மா கிளினிக்கிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 5.8 மில்லிமோல். "எனக்கு இருக்கிறதா இல்லையா, சொல்லு" என்றார். பதில் சொல்வதற்காகக் கட்டுரைகளைப் புரட்டியபோதுதான் உறைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 6.1. அமெரிக்க நீரிழிவுச் சங்கமோ 2003இல் அதை 5.6க்கு இறக்கியது. ஒரு கோட்டின்படி அம்மா நலமாக இருக்கிறார், மற்றொன்றின்படி எல்லையைத் தாண்டிவிட்டார்.

'எந்த எல்லை' என்று புதுப் பத்தி ஒன்றைச் சேர்த்தேன். சுருக்கவுரையில் இந்த விவரம் பெரும்பாலும் இல்லை. முறை பற்றிய பகுதிக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணையும் எழுதிவைத்தேன். தேடியும் கிடைக்காவிட்டால் 'கூறப்படவில்லை' என்று எழுதினேன், இன்னும் தேடாததை மட்டும் வெறுமையாக விட்டேன். இரண்டையும் காலியாக விட்டிருந்தால், ஒரு மாதம் கழித்து எது எதுவென்று எனக்கே தெரிந்திருக்காது.

பிறகு அந்தப் பத்தியை வைத்து வரிசைகளை மாற்றி அடுக்கினேன். அதிக விகிதம் சொன்னவை பெரும்பாலும் 5.6 பக்கம் சேர்ந்தன, குறைவாகச் சொன்னவை 6.1 பக்கம். அதுவரை கட்டுரைகளை இடமிருந்து வலமாகவே படித்துவந்தேன். அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது.

மாதிரிப் பத்தியையும் அப்படியே கீழ்நோக்கிப் படித்தேன். இரண்டு வரிசைகள் இடித்தன. ஒரே ஊர், ஒரே மாதங்கள், ஆட்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்று. ஆசிரியர்களும் அதே குழுவினர். ஒரே தரவை இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டிருந்தார்கள். இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் அந்த ஊர் மக்களை இருமுறை கணக்கில் எடுத்ததாகும். ஒரே ஆய்வாக இணைத்தேன்.

அட்டவணையால் தீராததும் உண்டு. 5.6 பக்கத்திலேயே இரண்டு ஆய்வுகள் வெகுவாக வேறுபட்டன. ஒன்று 18 வயதிலிருந்தும் மற்றொன்று 30 வயதிலிருந்தும் ஆட்களைச் சேர்த்திருந்தது. வயதுவாரியான எண்களை இரண்டுமே தரவில்லை. வேறுபாடு வயதால் வந்ததா, ஊரால் வந்ததா என்று அந்தக் கட்டுரைகளைக் கொண்டு சொல்ல முடியாது. குறிப்புப் பத்தியில் அப்படியே எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் இரண்டு கோடுகளையும் தாளில் வரைந்து, 5.8ஐ நடுவில் புள்ளியாக வைத்துக் காட்டினேன். அடுத்த மாதம் மீண்டும் கிளினிக்குக்குப் போகிறோம்.