73-ல டைம் போச்சு, 74-ல நோட்டீஸ் வந்துச்சு

ஜிஎஸ்டி நோட்டீஸ் கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல தொகையைத்தான் பாப்பாங்க, நானும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தேன். இப்பல்லாம் முதல்ல தேதி, அப்புறம் செக்‌ஷன், அதுக்கப்புறம்தான் தொகை.

போன வருஷம் ஜனவரில ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் தனக்கு வந்த DRC-01 நோட்டீஸைப் பிரிண்ட் எடுத்துட்டு வந்தாரு. 2020-21க்கு, அவர் போட்ட ரிட்டர்ன் GSTR-3B-ல எடுத்த ஐடிசி, அதாவது வாங்குன சரக்குக்குக் கட்டுன வரியோட கழிவு, சப்ளையர்கள் காட்டுனதை வச்சு வர்ற 2A-வோட ஒத்துப்போகலைன்னு 4,20,000 ரூபாய் வரி, அதே அளவு அபராதம், வட்டி தனி. "சார், நான் ஏமாத்துனேன்னு எழுதிருக்காங்களே"ன்னாரு, அவருக்குப் பணத்தை விட அதுதான் உறுத்தல்.

எனக்கு உறுத்துனது வேற. 2020-21 ஆனுவல் ரிட்டர்னுக்கு கடைசி தேதி 2022 பிப்ரவரி 28. செக்‌ஷன் 73, அதாவது மோசடி இல்லாத கேஸ்ல, அங்கிருந்து மூணு வருஷத்துக்குள்ள ஆர்டர் போடணும், நோட்டீஸ் அதுக்கு மூணு மாசம் முன்னாடியே வரணும், அதாவது 2024 நவம்பரோட கதை முடிஞ்சுது. 74-ல அஞ்சு வருஷம் இருக்கு, அதான் அதைப் போட்டிருக்காங்க. ஆனா 74 போடணும்னா மோசடியோ, வேணும்னே தப்பா சொன்னதோ, வரி ஏய்க்க மறைச்சதோ இருக்கணும். நோட்டீஸை மூணு தடவை படிச்சேன், எதை மறைச்சாருன்னு ஒரு வரி கூட இல்ல, டிபார்ட்மென்ட் போர்ட்டல்லயே கெடந்த ரெண்டு ரிட்டர்னைக் கழிச்சுப் போட்ட டேபிள் மட்டும்தான். சும்மா வரி கட்டலைங்கறதுக்காக 74 போடாதீங்க, ஆதாரம் இருந்தா அதை நோட்டீஸ்லயே எழுதுங்கன்னு 2023 டிசம்பர்ல மறைமுக வரிக்கான சென்ட்ரல் போர்டே இன்ஸ்ட்ரக்‌ஷன் குடுத்திருக்கு.

பதில் ஃபார்ம் DRC-06-ல முதல் பாராவே இதுதான் எழுதுனேன். ஆனா அதோட நிறுத்தல, சப்ளையர் பில்லு, பேங்க் ஸ்டேட்மென்ட், சரக்கு வந்த லாரி ரசீதுன்னு ஐடிசிக்கும் சேத்து பதில் போட்டேன், ஏன்னா டைம் பாயின்ட்டை ஆபீசர் ஏத்துக்கலைன்னா கையில ஒண்ணுமே இருக்காது. இன்னொரு கிளையன்ட்டுக்கு நேர்மாறா பண்ணி மாட்டிக்கிட்டேன், கணக்கை மட்டும் வாதாடிட்டு, அந்த ஆபீசருக்கு அதிகாரமே இல்லைங்கறதை அப்பீல்ல சொன்னப்போ "அப்பவே ஏன் சொல்லல"ன்னு கேட்டாங்க.

கடைக்காரர் விஷயத்துலயும் ஆபீசர் கேக்கல, "பதில் ஏற்கத்தக்கதல்ல"ன்னு ஒரே வரில ஆர்டர் போட்டுட்டாரு. வரில 10% அதாவது 42,000 கட்டி, மூணு மாசத்துக்குள்ள அப்பீல் போனோம். அங்க வேலை செஞ்சது ஜிஎஸ்டி சட்டத்தோட 75(2). மோசடி நிரூபணம் ஆகலைன்னா அதை 73 நோட்டீஸாத்தான் பாக்கணும், அப்படிப் பாத்தா ரெண்டே முக்கால் வருஷம் தாண்டி வந்த நோட்டீஸ் மொத்தமா விழுந்துரும், 2022-ல போர்டு போட்ட 185-ஆம் சர்க்குலர்லயும் இதேதான் இருக்கு. ஹியரிங்ல "என்ன மறைச்சாரு?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க, டிபார்ட்மென்ட் பக்கம் திரும்ப அதே டேபிளைத்தான் காட்டுனாங்க.

ஆர்டர் ரத்தாயிடுச்சு. அந்த 42,000 ரீஃபண்டுக்கு இப்ப தனியா அலைஞ்சுட்டிருக்கோம்.