ஃபைலில் இருந்த மூன்று எடைகள்

அந்தப் பூனைக்கு 13 வயது. வாரத்துக்கு இரண்டு முறை வாந்தி, சில நாள் அதில் முடியும் வரும். "வயசாயிடுச்சு, முடி கக்குது டாக்டர்" என்று அந்த அம்மா சொன்னார், நானும் முடிக்கான பேஸ்ட் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஃபைலில் எடை இருந்தது: தடுப்பூசிக்கு வந்தபோது 5.1 கிலோ, நகம் வெட்ட வந்தபோது 4.6, இப்போது 4.0. மூன்றையும் எழுதியது நான்தான். ஆனால் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்துப் படிக்கவில்லை. ஒன்பது மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு எடை போயிருக்கிறது. அன்றைக்கே நான் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தபோது 3.5 கிலோ. இந்த முறை அந்த அம்மா பயந்து வந்ததற்குக் காரணம் வேறு, தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது என்றார். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் ஒன்று அழுகி, ஈறு சிவந்து வீங்கியிருந்தது. நெறிக்குள் ஊசி விட்டு எடுத்த செல்களில் பல் புண்ணுக்கு உண்டாகும் வீக்கம்தான் தெரிந்தது. ஆனால் இவ்வளவு எடை போயிருந்ததால் லிம்போமா, அதாவது லிம்போசைட் என்ற வெள்ளை அணுவில் வரும் புற்றுநோய், மனதில் வந்தது. நாய்க்கு அது வந்தால் கழுத்து, தோள், முழங்கால் என்று வீங்கிய நெறி வெளியே கையில் தட்டுப்படும். வயதான பூனைக்கு அது பெரும்பாலும் குடலில்தான் வருகிறது, வீங்கும் நெறியும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். வயிற்றை மெல்ல அழுத்தினேன். இளைத்த பூனை என்பதால் குடல் நன்றாகவே கைக்கு அகப்பட்டது, சாதாரணமாக வழுக்கிப் போக வேண்டிய குடல் ஈரக் கயிறு மாதிரி தடித்து விரலுக்கிடையே உருண்டது.

சரி, லிம்போமா என்று நினைப்பதற்கு முன்னால் தள்ள வேண்டியவை உண்டு. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு அல்லது சர்க்கரை, தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகம். எல்லா ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது, பி12 மட்டும் மிகவும் குறைவு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்ச வேண்டிய சத்து அது, குடல் கெட்டால் உள்ளே போகாது. ஸ்கேனில் சிறுகுடலின் தசை அடுக்கு தடித்திருந்தது, பக்கத்தில் நெறிகளும் பெருத்திருந்தன.

இங்கேதான் சிக்கல். நாட்பட்ட குடல் அழற்சியும் மெதுவாக வளரும் சிறுசெல் லிம்போமாவும் ஸ்கேனில் ஒரே மாதிரி தெரியும். ஊசியில் எடுத்தாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டிலும் வருவது பார்க்கச் சாதாரணமாக இருக்கும் சின்ன லிம்போசைட்டுகள்தான். பெரியசெல் வகையாக இருந்தால் ஊசியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். குடல் சதையை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெளிவு. அந்த அம்மா கேட்டார், "ஆபரேஷன் இல்லாம ஸ்டீராய்டு குடுத்துப் பாக்கலாமா?" கொடுத்தால் இரண்டுக்குமே குணம் தெரியும், அப்புறம் எடுக்கும் பயாப்சி குழப்பமாக வரும். பூனைக்கு மயக்கம் தாங்காது என்றால் நானே அந்த வழியைத்தான் சொல்லியிருப்பேன். இதற்கு ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் நன்றாக இருந்தது. அது குறைவாக இருந்தால் தைத்த இடம் ஆறாமல் குடல் கசியும் பயம் அதிகம். வயிற்றைத் திறந்து மூன்று இடத்தில் குடலின் முழுத் தடிமனும், ஒரு நெறியும் எடுத்தோம். ரிப்போர்ட்: சிறுசெல் லிம்போமா, டி செல் வகை.

புற்றுநோய் என்றதும் அழுதார். ஆனால் இந்த வகையில் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். முற்றிலும் போகாது, பெரும்பாலான பூனைகள் மருந்துக்கு நன்றாக இணங்கி ஒன்றரை, இரண்டு வருடம், சில அதற்கு மேலும் இருக்கின்றன. பெரியசெல் என்றால் ஊசி மருந்து கீமோ, அதிலும் பல சமயம் சில மாதம்தான். நாங்கள் ஆரம்பித்தது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 5 மில்லிகிராம், குளோராம்புசில் என்ற கீமோ மாத்திரை 2 மில்லிகிராம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பி12 ஊசி 250 மைக்ரோகிராம் வாரம் ஒன்றாக ஆறு வாரம். குளோராம்புசிலை உடைக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். கர்ப்பிணியாக இருந்த மருமகள் அந்த மாத்திரையையும் பூனையின் மலத்தட்டையும் தொடவே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன்.

மூன்றாம் வாரம் வாந்தி நின்றது. மூன்றாம் மாதம் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் இறங்கிவிட்டது, பூனை நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தது, ரத்தம் பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது. குளோராம்புசிலை நிறுத்தி, எண்ணிக்கை ஏறியதும் மூன்று நாளுக்கு ஒன்றாக மாற்றினோம். இப்போது 14 மாதம் ஆகிறது. அந்த அம்மா வீட்டிலேயே தராசு வாங்கிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை போட்டு எனக்கு அனுப்புகிறார். போன ஞாயிறு 4.4.